அந்த ஒரு லட்சம் எங்கே போனது?

அப்பாவுக்குச் சீட்டு விழுந்து கையில் ஒரு லட்சம் வந்தது. கட்டுகஸ்தோட்டை வீட்டுக்குக் கூரை போட எடுத்த லோனில் அதை அப்படியே கட்டிவிட முடிவு செய்தார். 5ஆம் தேதி வழக்கமான 15,000 ரூபாய் தவணையைக் கட்டிய கையோடு இதையும் கட்டினார். “முதலில கழியும்” என்று கவுண்டரில் சொன்னார்கள். ரசீதில் தொகை மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தவணை வெட்டப்படவில்லை. “பார்த்தியா மகள், ஒரு மாசம் சும்மா விட்டுட்டாங்க” என்று அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு அங்கேதான் இடித்தது. முதல் குறைந்தால் வட்டிதானே குறைய வேண்டும், தவணை ஏன் நிற்கணும்?

பேராதனையில் நான் படிப்பது வரலாறு. கணக்கு என்றாலே ஓடுகிற ஆள். ஆனாலும் லோன் ஸ்டேட்மென்ட் எடுத்துவரச் சொல்லி உட்கார்ந்தேன். 5ஆம் தேதித் தவணைக்குப் பிறகு முதல் பாக்கி 391,000. ஒரு லட்சம் கழிந்திருந்தால் 291,000 ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு 18 வீதம், அதாவது மாதம் ஒன்றரை வீதம் என்றால் அடுத்த வட்டி 4,365. ஸ்டேட்மென்டில் இருந்ததோ 5,865. அது 391,000க்கான வட்டி. அந்த ஒரு லட்சம் முன்கூட்டிக் கட்டிய தவணைகளாக ஓரமாகக் கிடந்தது. அதிலிருந்துதான் அந்த மாதத் தவணையும் போயிருக்கிறது. முதல் வழமையான வேகத்திலேயே குறைந்துகொண்டிருந்தது.

வித்தியாசம் மாதத்துக்கு 1,500தான் என்று விட்டுவிட முடியாது. அதே 15,000ஐத் தொடர்ந்து கட்டினால் 391,000 தீர 34 தவணை வேண்டும். 291,000 தீர 24 போதும். கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாய் வட்டி மிச்சம்.

இரண்டு ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன். பணத்தை முதலில் கழிக்க வேண்டும், அதுவும் கட்டிய 5ஆம் தேதியிலிருந்தே, தவணைத் தொகை மாறக்கூடாது என்று கடிதம் எழுதிக்கொடுத்து, பிரதியில் சீல் வாங்கினோம். தேதியை எழுதாமல் விட்டிருந்தால் திருத்திய நாளிலிருந்துதான் வட்டி குறைந்திருக்கும். திருத்தியதும் விடுபட்ட அந்த மாதத் தவணையை அப்பா கட்ட வேண்டி வந்தது. கொஞ்சம் முகம் சுளித்தார். ஆனால் புதிய ஸ்டேட்மென்டில் 291,000, வட்டி 4,365.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தவணைக்கு நடுவில் பணம் கட்டினால் அன்றுவரை சேர்ந்த வட்டியை முதலில் எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் கட்டணமும் உண்டு. அப்போது முதல் முழு ஒரு லட்சமும் குறையாது, அது பிழையில்லை. ஆனால் குறையாத ஒவ்வொரு ரூபாய்க்கும் ஸ்டேட்மென்டில் ஒரு வரி இருக்க வேண்டும். கடிதம் கொடுத்தும் வங்கி அசையாவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடலாம்.

அப்பா இப்போது ரசீதோடு நிறுத்துவதில்லை. “முதல் எவ்வளவு நிக்குது? அதை பிரிண்ட் எடுத்துத் தாங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறார்.