பட்டை நின்றாலும் டைமர் நிற்காது

மூடி சரியாகப் பதியாத தண்ணீர் பாட்டில்களைப் பிரித்தெடுக்கும் லைன் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கன்வேயர் வினாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. பாட்டில் ஒரு சென்சாரைக் கடந்ததும் கேமரா படம் எடுக்கிறது. அங்கிருந்து 600 மில்லிமீட்டர் தள்ளி, காற்றில் இயங்கும் புஷர் கோளாறான பாட்டிலைப் பக்கத்துத் தொட்டியில் தள்ளுகிறது. இதற்கான கணக்கு எளிது போலத்தான் தெரியும். 600 மி.மீ. கடக்க 1.2 வினாடி ஆகும், அதில் சிலிண்டர் நீளும் நேரத்தைக் கழித்து டைமரில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஷிப்ட் ஃபிட்டருக்கோ அந்த டைமரைக் கூட்டுவதும் குறைப்பதுமே தினசரி வேலையாகிவிட்டது. காலையில் சரியாகத் தள்ளும், மதியம் தவறும். பழி கேமராவின் மேல் விழுந்தது. என் கணிப்பில் கேமராவிடம் குற்றமில்லை. தூரத்தால் அளக்கவேண்டியதை நேரத்தால் அளந்ததுதான் கோளாறு.

பட்டையின் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அதே 1.2 வினாடியில் பாட்டில் 540 மி.மீ.தான் வந்திருக்கும், புஷருக்கு இன்னும் 60 மி.மீ. பாக்கி. பாட்டில்கள் 100 மி.மீ. இடைவெளியில் வருவதால், முன்னே போன நல்ல பாட்டில் அப்போது புஷரை 40 மி.மீ. மட்டுமே தாண்டியிருக்கும். அகலமான புஷர் முனை அதன் பின்விளிம்பை இடித்துச் சாய்க்கும், கெட்டது நிம்மதியாகக் கடந்துபோகும். இதைவிட மோசமானது பட்டை நிற்பது. லேபிள் மெஷினில் சிக்கல் என்று லைன் நின்றுவிடுகிறது, படம் எடுக்கப்பட்ட கெட்ட பாட்டில் பாதி வழியில் நிற்கிறது, டைமர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. புஷர் அந்த பாட்டிலைத் தொடாமலே நீண்டு திரும்பும். திரையில் ரிஜெக்ட் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும், ஆனால் அந்த பாட்டில் பெட்டிக்குள் போயிருக்கும். அதனால் திரையின் எண்ணை நம்பாமல், தொட்டியில் விழுந்ததை எடுத்துப் பார்க்கும் ஆபரேட்டரே சரியான ஆள்.

மாற்று வழி, பட்டையோடு சுழலும் என்கோடர். அதன் சக்கரத்தின் சுற்றளவு 200 மி.மீ., ஒரு சுற்றுக்கு 200 பல்ஸ் என்றால், ஒரு பல்ஸ் ஒரு மில்லிமீட்டர். பட்டை நின்றால் எண்ணிக்கையும் நிற்கும். ஆனால் எல்லாவற்றையும் பல்ஸில் எண்ணிவிடலாம் என்பதும் தவறு. வால்வு திறந்து, குழாயில் காற்று நிரம்பி, சிலிண்டர் நீண்டு பாட்டிலைத் தொட 80 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாமதம் பட்டையின் வேகத்தைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை. அரை மீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் பாட்டில் 40 மி.மீ. நகரும், ஆகவே 560ஆவது பல்ஸில் வால்வைத் திறக்கவேண்டும். வேகம் பாதியானால் 580இல் திறந்தால் போதும். பயணத்துக்குத் தூரம், காற்றுக்கு நேரம் என்று இரண்டையும் பிரித்து வைப்பதே இந்தத் தொழிலின் சூட்சுமம். மதியத் தவறலுக்குக் காற்றும் ஒரு காரணம். பக்கத்து மெஷின்களும் காற்றை இழுக்கும்போது அழுத்தம் இறங்கும், 80 என்பது 110 ஆகும், பாட்டில் 15 மி.மீ. முன்னே போய்விடும். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். புஷர் முனையில் சாக்பீஸ் தூள் பூசிவிட்டு, தள்ளப்பட்ட பாட்டிலில் தடம் எங்கே பதிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். நடுவில் இல்லாமல் பின்பாதியில் இருந்தால் புஷர் தாமதம். அப்போது டைமரைத் தொடாமல் பிரஷர் கேஜைப் பார்க்கவேண்டும்.

எண்ணிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கேமராவின் தீர்ப்பு வந்ததும் எண்ணத் தொடங்கினால், அந்தத் தீர்ப்பு ஒரு படத்துக்கு 30 மில்லிவினாடியிலும் இன்னொன்றுக்கு 100இலும் வரும்போது, தள்ளும் இடமும் 35 மி.மீ. ஆடும். ட்ரிகர் விழுந்த பல்ஸையே பாட்டிலின் பிறப்பாகக் குறித்துவைத்து, தீர்ப்பு வந்ததும் அதனோடு சேர்ப்பதுதான் சரி. தீர்ப்பு வராமலே போன பாட்டிலைக் கெட்டதாக எண்ணித் தள்ளிவிடவேண்டும்.

டிரைவ் வேகத்தை மாறாமல் வைத்திருக்கும்போது என்கோடர் எதற்கு என்று கேட்பார்கள். டிரைவ் இருந்தாலும் லைன் நிற்கத்தானே செய்கிறது? புஷரைக் கொஞ்சம் அதிக நேரம் நீட்டிவைத்தால் தப்பாது என்பது இன்னொரு வாதம். தப்பாதுதான், ஆனால் பின்னால் வரும் நல்ல பாட்டில் அதில் வந்து முட்டும். பாட்டில் பட்டையில் வழுக்கினால் என்கோடருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விதான் நியாயமானது. அதற்குத் தெரியாது, அது பட்டையைத்தான் எண்ணுகிறது. அங்கே புஷருக்குச் சற்று முன்னால் இன்னொரு சென்சார் வைத்து, பாட்டில் உண்மையில் வந்த இடத்தைக் கொண்டு கணக்கைத் திருத்தவேண்டும்.

உங்கள் லைனைச் சோதிக்க வேண்டுமா? மூடியில்லாத பாட்டில் ஒன்றை விடுங்கள். அது கேமராவுக்கும் புஷருக்கும் நடுவில் இருக்கும்போது ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். பத்து வினாடி கழித்து லைனை ஓட்டிவிட்டு, தொட்டியில் பாருங்கள்.