"நான் எப்பங்க்கா அழுதேன்?"

அந்த வரியை எழுதியது நான்தான். "பசியில் வாடும் ஏழைக் கூலித் தொழிலாளர்களின் கண்ணீரைத் துடைப்போம்! ஒரு பிடி அரிசி தாரீர்!" எழுதிவிட்டு நாலு பேரிடம் வாசித்துக் காட்டி, பாராட்டும் வாங்கிக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் போட்டோம். பிரிண்ட் எடுத்து எங்கள் சமையல்கூடத்து வாசலிலும் ஒட்டினோம். அங்கேதான் தப்பு நடந்தது.

சேலம் செவ்வாய்பேட்டையில் மூட்டை தூக்குகிற ஒருவர் தினமும் மதியம் எங்களிடம் சாப்பிட வருவார். அன்று வாசலில் நின்று நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க்கா, நான் எப்பங்க்கா அழுதேன்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாலு நாள் ஆளைக் காணோம்.

நோட்டீஸைப் பார்த்து அரிசி என்னவோ வந்தது. ஆனால் பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி, பழசு, புதுசு எல்லாம் கலந்து வந்தது. ஒரே அண்டாவில் போட்டால் பாதி குழைந்தது, பாதி நறுக்கரிசியாக நின்றது. சில பைகளில் வண்டு. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்தால் உள்ளங்கையில் மாவு ஒட்டும். ஒட்டினால் வண்டு அரித்த அரிசி என்று அர்த்தம். "பாவம், பசிக்கிறவங்களுக்கு இது போதும்" என்று யாரும் வாயால் சொல்லவில்லை. என் நோட்டீஸ்தான் அப்படிச் சொல்லியிருந்தது. அவர்கள் கண்ணீரைப் பற்றி எழுதினேனே தவிர, அவர்கள் சாப்பிடுவது என்ன அரிசி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

வள்ளலார் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியது 1867-ஆம் ஆண்டு மே 23. அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. விவசாயிகள் விளைந்ததில் ஒரு பங்கை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். சாப்பிட வருகிறவரிடம் சாதி, மதம் கேட்பதில்லை. அங்கே பந்தியில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். என்னை யாரும் ஏழையா என்று கேட்கவில்லை. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

சரி, புதிதாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் கணக்கில் இடித்தது. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று சொல்லியிருந்தார். அதை நம்பி முதல் மாதம் 100 பேருக்கு 10 கிலோ போட்டு, பாதிப் பந்தியிலேயே சோறு தீர்ந்து நாங்கள் முழித்த கதை உண்டு. கல்யாணத்தில் பதினைந்து வகை பதார்த்தம் இருக்கும். ஏற்கெனவே டிபன் சாப்பிட்டவர்கள் வேறு. காலையிலிருந்து மூட்டை தூக்கிய உடம்புக்குச் சோறும் குழம்பும்தான் சாப்பாடு. ஆளுக்கு 200 கிராம் வேண்டும். ஆக, 100 பேருக்கு 20 கிலோ.

என் கைப்பிடி அரிசியை நிறுத்துப் பார்த்தேன்: 50 கிராம். ஒரு வீட்டில் தினம் ஒரு பிடி எடுத்து வைத்தால் மாதம் ஒன்றரைக் கிலோ. 100 வீடு சேர்ந்தால் 150 கிலோ. எங்களுக்கு அது ஏழரை நாள்தான்! "ஒரு பிடி போதும்" என்று எழுதியது பொய்யாகிவிட்டதே என்று இருந்தது. பிடி அரிசியை நிறுத்தச் சொல்லவில்லை. பல வீட்டு அரிசி கலந்திருந்தாலும் ஊறவைத்து ஆட்டிவிட்டால் ரகபேதம் தெரியாது, காலைத் தோசைக்கு ஆகிறது. மதியச் சோற்றுக்கு மட்டும் ஒரே ரகமாக மூட்டை கேட்பது என்று முடிவு செய்தோம்.

இப்போது வாசலில் இருப்பது இதுதான்: "மதியம் இங்கே 100 பேர் சாப்பிடுகிறோம். ஒரு நாளைக்குப் புழுங்கலரிசி 20 கிலோ, துவரம் பருப்பு 3 கிலோ வேண்டும். உங்கள் வீட்டில் உலை வைக்கும் அரிசியாக இருக்கட்டும். யாரும் வந்து சாப்பிடலாம், கொடுப்பவரும்."

"சாப்பிடுகிறார்கள்" என்றுதான் முதலில் இருந்தது. சமைக்கிற நாங்களும் அதையேதானே சாப்பிடுகிறோம் என்று அடுப்படியில் இருக்கும் அக்கா சொன்னார். மாற்றினேன். போட்டோவும் கிடையாது. மூட்டை கொடுத்தவர் படம் கேட்டால் மூட்டையோடு எடுத்துக்கொள்ளலாம். பந்திப் பக்கம் செல்போன் வரக்கூடாது. இதனால் ஒருவர் கோபித்துக்கொண்டு, அரிசியைத் திருப்பி எடுத்துப் போனார். போகட்டும்.

எப்போது கேட்பது என்பதும் தெரிய வேண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் சேலத்தில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். ராகியும் கம்பும் கேட்காமலே வரும். எங்கள் பந்தியில் கூட்டம் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். அப்போது 100 பேர் 160 ஆவார்கள். மழை பிடித்த பிறகு கேட்டால் மூட்டை நனைந்து வரும். அதனால் புரட்டாசியிலேயே கேட்டுவிடுகிறோம்.

ஐந்தாம் நாள் அவர் வந்தார். புது நோட்டீஸை நின்று படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு என்ன குழம்புங்க்கா?" என்று கேட்டபடி பந்தியில் உட்கார்ந்தார். தட்டைப்பயறு குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.