தாரை விட்டு டயர் இறங்கிவிட்டதா? ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள்!

கிண்டியில் இருந்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கக் கிளம்பும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா கார் ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். கத்திப்பாராவைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை கவலையில்லை. நடுவில் தடுப்பு இருக்கிறது, எதிரே வண்டி வராது. படாளத்தில் திரும்பியதும் சாலை சின்னதாகிவிடுகிறது. எதிரே ஒரு பஸ் கொஞ்சம் நடுவாகவே வருகிறது. அவர் இடதுபக்கம் ஒதுங்க, இடப்பக்க டயர்கள் இரண்டும் 'தடக்'கென்று மண்ணில் இறங்குகின்றன.

"ஏங்க... பாத்து!" என்று அம்மா பதறுகிறார். அந்தப் பதற்றத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பி, உடனே தாருக்கு ஏறிவிட வேண்டும். ஆபத்து தொடங்குவதே அங்கேதான். கார் கீழே இறங்கியதால் நடப்பதைவிட, மேலே ஏற அவசரப்படுவதால் நடக்கும் விபத்துதான் பெரியது.

காரணம் இதுதான். தாரின் ஓரம் செங்குத்தாக இருந்தால், டயரின் உள்பக்கம் அதில் உரசிக்கொண்டு ஓடும். 'கரகர'வென்று சத்தம் வரும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் திரும்பாது. 'இன்னும் ஏறலையே' என்று மேலும் மேலும் திருப்புவோம். ஒரு கட்டத்தில் டயர் சட்டென்று ஏறிவிடும். அப்போது சக்கரம் நன்றாகத் திரும்பிய நிலையில் இருப்பதால், கார் எதிர்ப்பக்கத்துக்குப் பாயும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். கார் 15 டிகிரி சாய்வாகப் பாய்ந்தால், ஒரு விநாடிக்குள் 4 மீட்டருக்கு மேல் வலப்பக்கம் போய்விடும். ஒரு வழித்தடத்தின் அகலமே சுமார் மூன்றரை மீட்டர்தான். நாம் சுதாரிப்பதற்குள் எதிர்வண்டியின் பாதையில் இருப்போம். பயந்து இடப்பக்கம் ஒடித்தால், கார் சுழலலாம், உருளலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, நேராகவே வைத்திருங்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை மெல்ல எடுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வலப்பக்க டயர்கள் தாரிலும் இடப்பக்க டயர்கள் மண்ணிலும் இருப்பதால், தார்ப்பக்கம் பிடிப்பு அதிகம். ஓங்கி மிதித்தால் கார் வலப்பக்கமே இழுக்கும். மழையில் நனைந்த மண் என்றால் சக்கரம் புதைந்து இடப்பக்கம் இழுக்கும். அதற்கும் இறுக்கமான பிடிதான் மருந்து.

இரண்டு டயர் மேலேயும் இரண்டு டயர் கீழேயுமாகக் கொஞ்ச தூரம் ஓடுவதில் தவறில்லை. முன்னால் மரம், மைல்கல், பாலத்தின் கைப்பிடிச்சுவர் இல்லையே என்று மட்டும் பாருங்கள். இருந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி பிரேக்கை அழுத்தி நிறுத்தப் பாருங்கள்.

வேகம் ஆள் ஓடும் அளவுக்குக் குறைந்த பிறகு, எதிரிலும் பின்னாலும் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் உறுதி செய்துகொள்ளுங்கள். டயர் ஓரத்தில் உரசினால், சற்றே இடப்பக்கம் விலக்குங்கள். பிறகு ஸ்டீயரிங்கைக் கால் சுற்றுக்கு மிகாமல் வலப்பக்கம் திருப்புங்கள். முன்டயர் ஏறியது கையில் தெரிந்த அதே நொடியில் நேராக்கிவிடுங்கள். அந்தக் கடைசி அசைவைத்தான் பலர் மறக்கிறார்கள்.

பள்ளம் அரை அடிக்குப் பக்கம் இருந்தால் ஓடிக்கொண்டே ஏற முயல வேண்டாம். நின்று, தாரும் மண்ணும் சமமாக இருக்கும் இடம் பார்த்து மெல்ல ஏறுங்கள்.

பைக், ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். தார் விளிம்புக்கு இணையாக உரசியபடி ஏறப் பார்த்தால் முன்சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்துவிடும். மண்ணிலேயே வேகம் குறைத்து நிறுத்துங்கள். சாலை காலியானதும் விளிம்பைக் குறுக்காகச் சந்திக்கும்படி நிமிர்ந்து ஏறுங்கள். தார் போடுவதற்காகச் சுரண்டி வைத்திருக்கும் நகரச் சாலைகளுக்கும் இதுவே பொருந்தும்.

இந்த உயரம் எங்கிருந்து வருகிறது? பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடப் போட ஒவ்வொரு முறையும் சாலை வளர்கிறது. ஓரத்து மண், அதாவது 'பெர்ம்', அப்படியே கிடக்கிறது. மழை அதையும் அரித்துவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். வீடுகள் பள்ளத்தில் போகாமல் இருக்கச் சொன்ன அந்த யோசனை, டயர்களுக்கும் நல்லதுதான். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகமோ, தார் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சுமார் 30 டிகிரி சரிவாக அழுத்திவிடச் சொல்கிறது. சரிவு இருந்தால் டயர் உரசி நிற்காமல் சீராக ஏறும்.

உங்கள் ஊர்ச் சாலையில் புதுத் தார் போட்டு முடித்ததும், ஓரத்தில் கிராவல் கொட்டிச் சமமாக்கினார்களா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். இல்லையென்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு புகார் எழுதுங்கள்.