‘முன்’ என்ற சொல்லும் நாற்பத்தைந்து இருக்கைகளும்

தமிழில் ‘முன்’ என்பது இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். இலக்கண வகுப்பில் எவரையும் துன்புறுத்தாத இந்த இரட்டைப் பொருள், பெங்களூரிலிருந்து தர்மஸ்தலாவுக்குப் புறப்படும் யாத்திரைப் பேருந்தில் சண்டையாக மாறும். முன்பதிவு செய்தவர் முன்னிருக்கை தமக்கென்று நம்புகிறார். முதல் நிறுத்தத்தில் ஏறியவரோ, முன்னே ஏறியதால் முன்னே அமர்வது நியாயம் என்கிறார். சக்லேஷ்பூரைத் தாண்டி ஷிராடி மலைப்பாதையின் வளைவுகளில் பின்வரிசை படுத்தும் பாட்டை அறிந்த முதியவர்களுக்கு அந்த இடம் உண்மையிலேயே தேவைப்படுகிறது.

அல்சூரில் வாழும் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் ஆண்டுதோறும் இந்த யாத்திரையை ஒழுங்குசெய்கிறார். இருபுறமும் இரண்டிரண்டாகப் பத்து வரிசைகள், கடைசியில் ஐந்து, ஆக நாற்பத்தைந்து இருக்கைகள். சமையற்காரருக்கும் உதவியாளுக்கும் இரண்டு போக, யாத்திரிகர் 43 பேர். அல்சூரில் 14, மல்லேஸ்வரத்தில் 9, யஷ்வந்த்பூரில் 8, ஜாலஹள்ளி கிராஸில் 8, நெலமங்கலாவில் 4 பேர் ஏறுவார்கள். நெடுங்காலம் அவரிடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. இருக்கை எண் வரிசையில் பெயர்கள், பெயருக்கு எதிரே நிறுத்தம். யார் எங்கே அமர்வது என்பதற்கு அது போதும். இந்த நிறுத்தத்தில் இன்னும் யார் ஏறவில்லை என்ற கேள்விக்கோ, மங்கிய விளக்கொளியில் 43 வரிகளையும் துழாவ வேண்டும். துழாவ நேரமில்லாததால் அவர் தலைகளை எண்ணினார்.

ஓர் ஆண்டு மல்லேஸ்வரத்தில் அந்த எண்ணிக்கை 23 என்று மிகச் சரியாக வந்தது. ஐயம் தீர, “லட்சுமியம்மா ஏறிட்டீங்களா?” என்று குரல் கொடுத்தார். “இருக்கேன்” என்று பதிலும் வந்தது. பேருந்து நகர்ந்தது. பதில் சொன்னவர் அல்சூரில் ஏறிய ஏழாம் எண் லட்சுமி. பத்தொன்பதாம் எண் லட்சுமி தெருமுனைக் கடையில் தண்ணீர்ப் புட்டி வாங்கிக்கொண்டிருந்தார். பட்டியலில் இருவருக்கும் முன்னெழுத்து இல்லை. பத்தொன்பதாம் இருக்கையும் காலியாகத் தோன்றவில்லை. இருபதாம் எண்காரர் பட்டியலில் சேர்க்காமல் அழைத்துவந்த பேரன் அதில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தான். 23-ஆவது தலை அவனுடையது.

இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டால் கூட்டுத்தொகை எதையும் காட்டிக்கொடுக்காது. கணக்கருக்கு இது புதிய செய்தியன்று. தம் அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் பிறர் கணக்கில் தேடியது இதைத்தான்.

எழுபதைக் கடந்த அந்த அம்மையாரிடம் கைப்பேசி இல்லை. பூக்காரியின் கைப்பேசியில் மகனை அழைத்தார். மகன் கணக்கரை அழைத்தபோது பேருந்து ஜாலஹள்ளி கிராஸில் நின்றிருந்தது. ஆட்டோவில் வந்து சேர்ந்தவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. “என் பேரு பட்டியல்ல இல்லையாப்பா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது என்று சொல்லக் கணக்கருக்கு நா எழவில்லை. பேரனின் பாட்டி குழந்தையை மெல்லத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டார்.

மறு ஆண்டு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று இருக்கைப் படம். இடப்புறம் வாசலும் வலப்புறம் ஓட்டுநரும் வரையப்பட்டு, கட்டங்களில் எண்கள். எண்களை மட்டும் நம்ப முடியாது. ஒரு பேருந்தில் எண் வாசற்பக்கத்திலிருந்து தொடங்கும், மற்றொன்றில் ஓட்டுநருக்குப் பின்னாலிருந்து. கடைசி நேரத்தில் வண்டி மாறினால் சன்னல் கேட்டவர் நடைபாதையோரம் அமர நேரும். வந்த வண்டியோடு படத்தை ஒப்பிட்ட பிறகே எவரையும் ஏற்றுகிறார்.

மற்றது ஏறுவோர் பட்டியல். நிறுத்தத்துக்கு ஒரு பக்கம், பேருந்து செல்லும் வரிசையில். முன்னெழுத்தோடு பெயர், இருக்கை எண், உறவினர் ஒருவரின் தொலைபேசி எண், பக்கத்தின் அடியில் அந்த நிறுத்தம் வரையிலான மொத்தம். இப்போது பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஏறுபவர் தம் எண்ணைச் சொல்ல வேண்டும், அவர் அடையாளமிடுவார். மடியில் வரும் குழந்தைக்குப் பாட்டியின் எண்ணோடு ‘அ’ சேர்த்து 20அ என்று எழுதுகிறார். அது தலைக்கணக்கில் சேராது.

முன்னிருக்கைகளை வயதும் முழங்காலும் பார்த்து ஒதுக்குகிறார். முன்பதிவுத் தேதி அதற்குப் பயன்படுவதில்லை. இதனால் வரும் மனத்தாங்கலை எந்தத் தாளும் தீர்க்கவில்லை.

நிறுத்தம் மாற்றிக்கொள்வோரே இன்றும் பெருந்தொல்லை. பழைய பக்கத்தில் அடித்துவிட்டுப் புதிய பக்கத்தில் எழுத மறந்தால், அவருக்காக எங்குமே வண்டி காத்திருக்காது. ஆகவே இரண்டையும் செய்து முடிக்கும்வரை அவர் தொலைபேசியை வைப்பதில்லை. இவ்வாண்டு பத்தொன்பதாம் எண் லட்சுமியம்மா, மகன் வீட்டிலிருப்பதால் ஜாலஹள்ளியிலேயே ஏறிக்கொள்வதாகச் சொன்னார். மல்லேஸ்வரத்தில் 23 என்பது 22 ஆயிற்று, யஷ்வந்த்பூரில் 31 என்பது 30. ஜாலஹள்ளியின் 39 மாறவில்லை, அவருடைய இருக்கையும் மாறவில்லை.