உதட்டுக்குள் ஒரு சிறு கொப்புளம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் எல்லையோர ஊர்களில், தமிழ் பேசும் வீடுகளிலும் ‘சுண்டில் குரு’ என்று சொல்வோர் உண்டு. உதட்டுக்குள் தோன்றும் எல்லாப் புடைப்புகளுக்கும் அந்த ஒரே பெயர்தான். ஆனால் அவற்றுள் ஒன்றின் தன்மை விசித்திரமானது. உடைத்தால் மறைகிறது, சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் எழுகிறது. மருத்துவர்கள் அதனை மியூக்கோசீல் என்பர்.

என் அக்காள் மகளுக்கு வயது 11. கீழுதட்டின் உட்புறம், நடுக்கோட்டிலிருந்து சற்றே வலப்பக்கம், நீலம் கலந்த பளபளப்புடன் பட்டாணி அளவில் ஒரு கொப்புளம் தோன்றியது. வலி இல்லை. பல் பட்டு உடைந்தபோது முட்டை வெண்கரு போன்ற பிசுபிசுத்த நீர் வந்து, உதடு தட்டையாயிற்று. பத்து நாளில் மறுபடியும் எழுந்தது. மூன்றாம் முறை, தெரிந்தவர் ஒருவர் ஊசியைச் சூடாக்கிக் குத்திவிட்டார். அதன் பின்னும் அது வந்தபோது, வீட்டில் புற்றுநோய் என்ற சொல் தாழ்ந்த குரலில் உச்சரிக்கப்படலாயிற்று.

அஞ்சத் தேவையில்லை என்பதையும், குத்துவதால் பயனில்லை என்பதையும் ஒரே காரணம் விளக்கிவிடுகிறது. நம் வாய்க்குள் 600 முதல் 1000 வரை சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. உதட்டின் உட்புறத்தை நாவால் தடவினால் மணல் போல் நெருடுபவை அவையே. ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போன்ற ஒரு நாளம் உண்டு. உதட்டைக் கடிக்கும்போது அந்நாளம் அறுபடலாம். நாளம் அறுந்த பின்னும் சுரப்பி ஓய்வதில்லை. வெளியேற வழியற்ற சளிநீர் சுற்றுத் திசுவில் கசிந்து தேங்குகிறது. அதனைச் சுற்றி உடல் ஒரு தற்காலிக மதிலை எழுப்புகிறது. உண்மையான நீர்க்கட்டிக்கு உட்புறத் தோல் போன்ற ஓர் அகவுறை இருக்கும். இதற்கு அது இல்லை. ஆகவே இது பெயரளவில்தான் கட்டி.

நாளம் அடைபடுவதே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சுரீந்தர் பாஸ்கரும் அவருடைய சகாக்களும் 1956இல் எலிகளில் செய்த சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டனர். நாளத்தைக் கட்டி அடைத்தபோது கொப்புளம் உருவாகவில்லை, அறுத்தபோது உருவாயிற்று. பல் மருத்துவ மாணவர்கள் பயிலும் ஆர்பனின் வாய்த் திசுவியல் நூலைப் பின்னர்ப் பதிப்பித்தவரும் இதே பாஸ்கர்தான்.

இதிலிருந்தே மருத்துவ முறையும் புலப்படும். ஊசி நீரை மட்டுமே வெளியேற்றுகிறது. கசியும் சுரப்பி அங்கேயே இருக்கிறது. புதிதாகத் தோன்றிய சிறு கொப்புளம் சில வாரங்களில் தானே ஆறிவிடலாம். உதடு கடிக்கும் பழக்கத்தை நிறுத்திக் காத்திருப்பதே போதும். திரும்பத் திரும்ப வந்தாலும், பெரிதானாலும், உண்ணவும் பேசவும் இடையூறானாலும் அகற்றுவது முறை.

திருவனந்தபுரத்தில் வாய் அறுவை மருத்துவர் ஒருவர் அவளுக்கு அதனை அகற்றினார். மரப்பு ஊசி போட்டபின், உதவியாளர் உதட்டை வெளிப்புறமாக மடித்து இருபுறமும் விரல்களால் அழுத்திக்கொண்டார். இரத்தக் கசிவு இதனால் குறையும். கொப்புளத்தை எடுத்ததும் அதன் அடியில் சிறு மணிகள் போல் சுரப்பிகள் தெரிந்தன. தொடர்புடையவற்றையும் நீக்கினால்தான் சிகிச்சை நிறைவுறும். அருகிலுள்ள நல்ல சுரப்பியின் நாளத்தைத் தையல் ஊசி கிழித்துவிட்டால் புதிய கொப்புளம் உருவாகலாம். அங்கேதான் கை நிதானம் வேண்டும். சில தையல்கள், அரை மணிக்கும் குறைவான நேரம். எடுத்த திசு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. தேங்கிய சளிநீர், அதனை விழுங்கிய அணுக்கள், அகவுறை இல்லை என்று அறிக்கை வந்தது.

“மாமா, இனி வராதுதானே?” என்று கேட்டாள். மீண்டும் வரும் வாய்ப்பு குறைவு, முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது என்றேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேற்சொன்ன ஆறுதல் கீழுதட்டின் மென்மையான, ஏறி இறங்கும் கொப்புளத்துக்கே பொருந்தும். மேலுதட்டில் மியூக்கோசீல் அரிது. அங்கே பெரியவர்களுக்கு மெதுவாக வளரும் கெட்டியான புடைப்பு, உமிழ்நீர்ச் சுரப்பியின் கழலையாக இருக்கக்கூடும். அதனைத் திசுப் பரிசோதனையின்றித் தீங்கற்றது எனக் கொள்ளலாகாது. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் முதியவரின் உதட்டில் இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணும் அவ்வாறே. ‘குரு’ என்ற ஒரே சொல் இவற்றையும் குறிக்கிறது. ஆகவே எந்த உதடு, மென்மையா கெட்டியா, வந்து மறைகிறதா அப்படியே நிலைத்திருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.