திங்களா, இருபதா?

2026 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மேசைக்கு வந்தான் அலுவலகத் தம்பி. "அக்கா, விடுப்புக்கு ஆட்டோ ரிப்ளை மெசேஜ் போட்டிருக்கேன், ஒரு தடவை படிச்சுடுங்க." சில வரிகள்தான்:

"வணக்கம். பொங்கலை முன்னிட்டு விடுப்பில் செல்ல இருக்கிறேன். ஜனவரி 20, திங்கட்கிழமை வரை அலுவலகத்தில் இருக்க மாட்டேன். வந்ததும் பதில் அனுப்புகிறேன். அவசரம் என்றால் பில்லிங் பிரிவு நண்பரைக் கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கவும்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதனால்தான் கண் ஏமாந்துவிடும். காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஆண்டு ஜனவரி 20 செவ்வாய், திங்கள் 19. முந்தைய ஆண்டுச் செய்தியை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். 2025-இல் 20-ஆம் தேதி திங்கள்தான். இங்கே தேதி தப்பா, கிழமை தப்பா என்று திருத்துபவர் ஊகித்துவிடக் கூடாது. கேட்டேன். திங்கள் காலையே வந்துவிடுவானாம். அப்போது 'வரை'யும் சரியில்லை. திங்கள் வரை என்றால் திங்களும் விடுப்பு என்றே பலர் படிப்பார்கள். திரும்பும் நாளைச் சொல்லிவிட்டால் அந்தக் குழப்பமே எழாது.

அடுத்தது காலம். எழுதும்போது அவன் இன்னும் கிளம்பவில்லை, அதனால் 'செல்ல இருக்கிறேன்'. படிப்பவருக்கோ அவன் ஏற்கெனவே ஊரில் இருக்கிறான். இத்தகைய செய்தியைப் படிப்பவரின் நாளில் நின்றுதான் எழுத வேண்டும்: 'விடுப்பில் இருக்கிறேன்'. ஆனால் 'அனுப்புகிறேன்' என்பதை நான் தொடவில்லை. நிகழ்காலத்திலேயே வாக்குக் கொடுப்பது தமிழில் இயல்பு. அதையும் 'அனுப்புவேன்' என்று மாற்றினால் திருத்தம் வரம்பு மீறிவிடும்.

என்னை அதிகம் பதற வைத்தது 'கீழ்க்கண்ட எண்'. கீழே எண்ணே இல்லை. தன் மின்னஞ்சல் கையொப்பத்தில் பிரிவின் எண்கள் எல்லாம் இருக்கின்றன, அது தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று நம்பியிருந்தான். அவுட்லுக்கின் தானியங்கிப் பதிலில் கையொப்பம் சேராது. எண்ணைச் செய்திக்குள்ளேயே தட்டச்சு செய்ய வேண்டும். மேலும், ஒருவர் எத்தனை முறை எழுதினாலும் அந்த விடுப்புக்கு அவருக்கு இந்தப் பதில் ஒரே ஒரு முறைதான் போகும். தப்பான பதில் போய்விட்டால், அவர் மறுபடி எழுதாதவரை பிறகு செய்யும் திருத்தம் அவரை எட்டாது.

எண்ணைச் சேர்த்ததும் அந்த நண்பரையே அழைக்கச் சொன்னேன். அவரும் 16-ஆம் தேதி விடுப்பாம். அன்றைக்கு மட்டும் என் எண்ணைப் போடச் சொன்னேன்.

தானியங்கிப் பதிலை எழுத அலுவலகத்துக்குள் இருப்போருக்கு ஒரு பெட்டி, வெளியாருக்கு இன்னொரு பெட்டி. முதல் பெட்டியைத் திருத்திவிட்டுப் பையைத் தூக்கினான். "தம்பி, வெளியாருக்குப் போறதுல இன்னும் 20, திங்கள்னே இருக்கு" என்றேன். பையைக் கீழே வைத்தான்.