எழும்பச் சொல்லியிருக்கோ?

2024 ஒக்டோபர் கடைசியில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் தனியாக இருக்கும் அன்ரி ஒருவர் வீட்டுக்காரர் கொடுத்த கடிதத்தோடு என்னிடம் வந்தார். "பிள்ளை, எழும்பச் சொல்லியிருக்கோ எண்டு பார்" என்றார். அவர் தமிழ் மட்டும்தான் வாசிப்பார்.

எழும்பச் சொல்லவில்லை. 1,400 டொலர் வாடகை ஜனவரி 1 முதல் 1,500 ஆகிறது, இனி எல்லாத் திருத்த வேலைகளும் குடியிருப்பவர் பொறுப்பு, கீழே கையெழுத்திட்டுத் தரவும் என்று இருந்தது. கடிதத் தேதி ஒக்டோபர் 20.

அதை அப்படியே தமிழாக்கினேன். ஆனால் "குடியிருப்பவர் பொறுப்பு" என்ற வரியை வாசித்ததும், அது வீட்டுக்காரரின் விருப்பமாக இல்லாமல் சட்டத்தின் வாக்காகவே அன்ரிக்குக் கேட்டது. "அப்ப குழாயையும் நான்தான் செய்யவேணும்" என்றார். சமையலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கடிதத்தில் உள்ளதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதைச் சட்டமென்று நம்ப விடவும் மனமில்லை. அதனால் இன்னொரு தாள் எடுத்து, "கடிதம் சொல்வது இது, ஒன்ராறியோச் சட்டம் சொல்வது இது" என்று தனியாக எழுதினேன்.

வாடகை கூட்ட 90 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் தரவேண்டும். அதற்கான படிவம் N1. இங்கே கிடைத்தது 73 நாள்தான். 2025க்கு மாகாணம் வைத்த உச்சம் 2.5 வீதம். 1,400க்கு அது 35 டொலர், கேட்டதோ 100. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த வீடுகளுக்கு இந்த உச்சம் பொருந்தாது. ஆனால் அன்ரி 2016 முதல் அங்கேதான் இருக்கிறார்.

திருத்த வேலையில் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது: பாவித்துத் தேய்வது ஒன்று, கவனக்குறைவால் உடைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் குடியிருப்பவர் தலையில் விழும், வழமையான துப்புரவோடு சேர்த்து. தேய்ந்த குழாய் வீட்டுக்காரருடையது. வாடகை ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது.

அன்ரிக்கு உடனே கோபம் வந்தது. "அப்ப வாடகையைக் கட்டாமல் விடுறன்" என்றார். அதைத்தான் செய்யக் கூடாது. கட்டாத வாடகை உண்மையிலேயே வெளியேற்றும் வழக்குக்குக் காரணமாகிவிடும். பேசாமல் 1,500 கட்டுவதிலும் ஆபத்து உண்டு. ஒரு வருடத்துக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிடாவிட்டால் அந்தக் கூட்டலே சட்டபூர்வமானதாகக் கொள்ளப்படும்.

பழைய 1,400ஐ முதலாம் தேதியே கட்டச் சொன்னேன். குழாயைப் படமெடுத்து, தேதியிட்டு, திருத்தித் தரும்படி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை அவரிடமே வைத்திருக்கச் சொன்னேன்.

இப்படிக் கடிதம் கொண்டு வருகிறவர்களிடம் முதலில் கேளுங்கள்: "கையெழுத்து வைச்சிட்டீங்களோ?" வாடகை கூட்டும் அறிவித்தலுக்குக் குடியிருப்பவரின் கையெழுத்தே தேவையில்லை.